பெரியம்மாவின் கையெழுத்து எதுவரை செல்லும்? பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும்போது குழந்தைக்கான தற்காலிக அதிகாரக் கடிதம்

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மாலை ஐந்து மணிக்கு விளையாடும்போது கீழே விழுந்து, இடது முன்கையின் இரண்டு எலும்புகளையும் முறித்துக்கொண்டாள். தாயும் தந்தையும் வெளிநாட்டில் வேலை செய்ததால் அவள் பெரியம்மாவின் வீட்டில் வளர்ந்து வந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எலும்புகள் விலகியிருந்தன. மயக்க மருந்து கொடுத்து அவற்றை நேராக்கிய பிறகுதான் மாவுக்கட்டுப் போட முடியும் என்று மருத்துவர் கூறினார். சிறுமி நாலரை மணிக்குச் சாப்பிட்டிருந்தாள். திட உணவு உண்ட பிறகு மயக்க மருந்து கொடுக்கப் பொதுவாக ஆறு மணி நேரமாவது காத்திருப்பார்கள் என்பதால், இரவு பத்தரைக்குச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பெரியம்மா தம் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "எங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளும் முழுப் பொறுப்பையும் என் மனைவியின் அக்காவிடம் ஒப்படைத்துள்ளேன்" என்ற ஒரே வாக்கியமும், தந்தையின் கையெழுத்தும் அதில் இருந்தன. தேதி இல்லை, தாயின் கையெழுத்தும் இல்லை. பார்த்துக்கொள்வது என்பதில் மயக்க மருந்துக்குச் சம்மதம் தருவதும் அடங்குமா என்று மருத்துவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெரியம்மாவால் விடை சொல்ல முடியவில்லை. கடிதத்திலும் விடை இல்லை. தாய் செவிலியராகப் பணியில் இருந்ததால் அவருடைய கைப்பேசி பூட்டிய அலமாரிக்குள் கிடந்தது. தந்தை கப்பலில் இருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான் தாய் தொலைபேசியில் கிடைத்து, இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கச் சம்மதம் சொன்னார். அந்த வேளையில் அறுவை அரங்கு வேறொரு நோயாளிக்குத் தேவைப்பட்டதால், சிறுமியின் கை மறுநாள் காலையில்தான் நேராக்கப்பட்டது. கைக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. ஆனால், ஒரு குழந்தை வலியோடும் பசியோடும் ஓர் இரவு முழுவதும் காத்திருந்தது.

அதே கடிதத்தின் நகல் ஒன்று பள்ளி அலுவலகத்திலும் இருந்தது. அதை வாங்கிக் கோப்பில் வைத்தது நான்தான். அன்று அதை முழுமையாகப் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியைப் பொறுத்தவரை சிறுமியை மாலையில் யார் அழைத்துச் செல்வார் என்பது தெரிந்தால் போதும் என்று அப்போது எண்ணியிருந்தேன். இந்தக் கடிதம் உண்மையில் என்ன, அதில் என்ன எழுத வேண்டும் என்பதை அந்தச் சிறுமியின் குடும்பம் பிறகு எழுதிய இரண்டாவது கடிதத்தை முன்வைத்தே இங்கு விளக்குகிறேன்.

உரிமை கை மாறுவதில்லை

இத்தகைய கடிதத்தைப் பலர் குழந்தையை ஒப்படைக்கும் பத்திரமாக நினைக்கிறார்கள். அப்படியன்று. குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் அதற்கான கடமையும் கடிதம் எழுதிய பிறகும் பெற்றோரிடமே இருக்கின்றன. அந்த உரிமையின் ஒரு பகுதியைத் தங்கள் சார்பில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, இன்னொருவர் பயன்படுத்தலாம் என்று அவர்கள் அனுமதிப்பது மட்டுமே கடிதத்தின் வேலை. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே கூறுகிறது: பெற்றோர் பொறுப்பு உடைய ஒருவர் அதை மற்றொருவருக்குக் கைமாற்றவோ கைவிடவோ முடியாது, ஆனால், அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தம் சார்பில் இன்னொருவர் நிறைவேற்றும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். சொற்கள் வேறுபட்டாலும் இதே கருத்து வேறு பல நாடுகளின் சட்டங்களிலும் அடிப்படையாக இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். பெரியம்மா ஒன்று சொல்லித் தாய் வேறொன்று சொன்னால், தாயின் சொல்லே நிற்கும். இரண்டாவது, பெரியம்மா இக்கடிதத்தால் சட்டப்படியான பாதுகாவலராக ஆகிவிடுவதில்லை. பாதுகாவலர் என்ற நிலையைப் பெரும்பாலும் நீதிமன்றமோ, சட்டம் அதற்கென அதிகாரம் அளித்த வேறோர் அமைப்போதான் வழங்கும். பெற்றோர் நலமாக இருந்து, தொலைவில் மட்டும் இருக்கிறார்கள் என்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவைப்படாது. எனினும் ஒரு பள்ளியோ அலுவலகமோ பாதுகாவலர் ஆணையே வேண்டும் என்று கேட்டால், கடிதத்தை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அது அந்த ஆணையாகிவிடாது. அங்கே வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் வழி.

கடிதம் எந்த நேரத்துக்காக?

மருத்துவ முடிவுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உயிர் போகும் அவசரம்தான். ஆனால், அந்த நேரத்தில் இந்தக் கடிதத்தின் பங்கு மிகச் சிறியது. குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, சம்மதம் தரக்கூடியவர் கிடைக்கும்வரை மருத்துவர்கள் கைகட்டி நிற்பதில்லை. உயிரைக் காக்கத் தேவையானதைச் சம்மதமின்றியும் செய்யலாம் என்ற கோட்பாடு பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இதற்கு எதிர் முனையில் சிராய்ப்புக்கு மருந்து தடவுவது, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் காட்டுவது போன்றவை இருக்கின்றன. உடன் வந்திருக்கும் உறவினர் பெரியவர் என்பதையும், குழந்தை அவரிடம் இயல்பாக இருக்கிறது என்பதையும் பார்த்தே பெரும்பாலான மருத்துவர்கள் அதைச் செய்துவிடுவார்கள்.

கடிதத்தின் உண்மையான இடம் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. விலகிய எலும்பை நேராக்குவது, ஆழமான வெட்டுக் காயத்துக்கு மயக்கம் கொடுத்துத் தையல் போடுவது, பல்லைப் பிடுங்குவது, மருத்துவமனையில் இரண்டு நாள் சேர்த்துக் கவனிப்பது ஆகிய எல்லாமே விரைவில் செய்ய வேண்டியவை. ஆனால், இந்த நிமிடமே செய்யாவிட்டால் உயிர் போகும் என்று சொல்ல முடியாதவை. ஆகவே அவசரத்துக்கான விதிவிலக்கு இவற்றுக்குப் பொருந்துவதில்லை. மருத்துவருக்கு ஒருவரின் சம்மதம் தேவைப்படுகிறது. முதல் கடிதம் தோற்றது சரியாக இந்த இடத்தில்தான். ஒரு கடிதத்தை எழுதி முடித்ததும் அது போதுமானதா என்று அறிய நான் பார்க்கும் சோதனையும் இதுவே: கை முறிந்த குழந்தையோடு இரவு ஒன்பது மணிக்கு உறவினர் நிற்கிறார், பெற்றோர் தொலைபேசியை எடுக்கவில்லை, இந்தக் காகிதத்தைப் படிக்கும் மருத்துவருக்கு மேற்கொண்டு ஏதேனும் கேட்கத் தோன்றுமா?

இரண்டாவது கடிதம்

அந்தக் குடும்பம் எழுதிய புதிய கடிதத்தின் முதல் பத்தி பின்வருமாறு தொடங்கியது. பெயர்களையும் எண்களையும் நீக்கியிருக்கிறேன். தேதிகளையும் எடுத்துக்காட்டுக்காக மாற்றியிருக்கிறேன்.

"கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இருவரும் இக்கடிதத்தில் குறிப்பிடப்படும் குழந்தையின் தாயும் தந்தையும் ஆவோம். 2025 ஜூன் 10 முதல் 2026 ஜூன் 9 வரை வேலைக்காக வெளிநாட்டில் இருப்போம். அக்காலத்தில் எங்கள் மகள், தாயின் உடன்பிறந்த அக்காவின் வீட்டில் அவருடன் வசிப்பாள்."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. இருவரும் கையெழுத்திடுவது முக்கியம். பல நாடுகளில் ஒரு பெற்றோரின் கையெழுத்தே போதும் என்றாலும், மற்றவர் இதை அறிவாரா, எதிர்ப்பாரா என்ற ஐயத்தை இரண்டாவது கையெழுத்து முற்றாக நீக்கிவிடுகிறது. மணமுறிவு ஏற்பட்டு ஒருவரிடம் மட்டும் குழந்தையின் பொறுப்பு இருந்தால், அதைக் கூறும் நீதிமன்ற ஆணையின் நகலை இணைக்க வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். குழந்தையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரை எழுதிவிட்டு, பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயரைக் கண்டு திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'தாயின் உடன்பிறந்த அக்கா' என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. நம் மொழியில் தாயின் உடன்பிறந்த அக்காவும் பெரியம்மா. தாயின் பெரியப்பா மகளும் பெரியம்மா. நமக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் சட்டம் எல்லா இடங்களிலும் அப்படிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டத்தையே எடுத்துக்கொண்டால், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோரே நெருங்கிய உறவினர்கள். பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தை இவர்களல்லாத ஒருவரிடம் 28 நாளோ அதற்கு மேலோ தங்கி வளர்வதானால், அதை உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோரின் ஒன்றுவிட்ட அக்கா அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆகவே, உறவுமுறைப் பெயரோடு நின்றுவிடாமல், யாருக்கு யார் என்ன உறவு என்பதைப் பிறந்த வழியோடு சேர்த்து எழுதிவிடுவதே நல்லது. குழந்தை வசிக்கும் நாட்டில் இத்தகைய அறிவிப்பு விதி ஏதேனும் உண்டா என்பதையும் கையெழுத்திடுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி மருத்துவத்துக்கான பத்தி.

"மருத்துவர் தேவையெனக் கூறும் பரிசோதனை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்து, தடுப்பூசி, பல் சிகிச்சை, மருத்துவமனையில் சேர்த்தல் ஆகியவற்றுக்கு எங்கள் சார்பில் சம்மதம் தெரிவிக்கவும், மகளின் மருத்துவப் பதிவுகளைப் பெறவும், மருத்துவருடன் அவளது உடல்நிலையைப் பற்றிப் பேசவும் இவருக்கு அதிகாரம் அளிக்கிறோம். அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றுக்கு முதலில் கீழே கண்ட எண்களில் எங்களைத் தொடர்புகொள்ள முயல வேண்டும். மருத்துவர் காத்திருக்கலாம் என்று கூறும் நேரத்துக்குள் எங்களில் ஒருவரும் கிடைக்காவிட்டால், அவற்றுக்கும் இவரே சம்மதம் தெரிவிக்கலாம். தொடர்புகொள்ள முயன்றதாக இவர் எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே போதுமானது."

இதன் முதல் வாக்கியத்தில் மருத்துவப் பதிவுகள் என்ற சொல் இல்லாவிட்டால், சம்மதம் தரும் அதிகாரம் இருந்தும் பயன் குறைந்துபோகும். சிகிச்சைக்குக் கையெழுத்திடலாம், ஆனால் பரிசோதனை முடிவை உங்களிடம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் நிலை பல இடங்களில் உண்டு. ஏனெனில், நோயாளியின் தகவலை யாரிடம் சொல்லலாம் என்பதற்குத் தனியான விதிகள் உள்ளன.

இரண்டாவது வாக்கியம் பெற்றோரின் மனநிலையைக் காட்டுகிறது. பெரிய முடிவுகளில் தங்களைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்று அவர்கள் விரும்பினார்கள், அது நியாயமானதே. எனினும் முதல் வரைவில் அவர்கள் "எங்கள் அனுமதியின்றி அறுவை சிகிச்சை செய்யக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால், முறிந்த கையின் இரவு அப்படியே மீண்டும் நடந்திருக்கும். தடை விதிக்கும்போது, அந்தத் தடை எப்போது விலகும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று எண்ணால் வரையறுப்பதைவிட மருத்துவர் சொல்லும் நேரம் என்று எழுதுவது ஏன் சிறந்தது என்றால், குடல்வால் அழற்சிக்கும் வளைந்த பல்லுக்கும் பொறுத்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்காது. கடைசி வாக்கியம் மருத்துவமனைக்காக எழுதப்பட்டது. தொலைபேசியில் அழைத்தாரா இல்லையா என்று துருவ வேண்டிய சுமையை அது மருத்துவர்மீது வைப்பதில்லை.

இதே பத்தியின் கீழே இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. சிகிச்சைச் செலவுக்குத் தாங்களே பொறுப்பு என்று பெற்றோர் எழுதினார்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது உறவினர் இடும் கையெழுத்து, சில படிவங்களில் கட்டணத்துக்கும் பிணையாகிவிடுவதுண்டு என்பதால் இந்த வரி பெரியம்மாவைக் காக்கிறது. காப்பீட்டு அட்டையின் நகலும் இணைக்கப்பட்டது. மற்றொரு வரி, பெரியம்மா ஊரில் இல்லாதபோது அவருடைய கணவருக்கும் இதே அதிகாரம் உண்டு என்று கூறியது. ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது, அவரே காய்ச்சலில் படுத்துவிடும் நாளை மறந்துவிடுவதாகும்.

குழந்தையின் ஒவ்வாமைகள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் அளவு, முன்பு செய்த சிகிச்சைகள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றைக் கடிதத்துக்குள் எழுதாமல் தனித்தாளில் எழுதி இணைக்குமாறு நான் சொன்னேன். அவை மாறிக்கொண்டே இருப்பவை. மருந்தின் அளவு மாறும்போதெல்லாம் சாட்சிகளை அழைத்துக் கடிதத்தையே புதிதாக எழுத முடியாது. மேலும், பள்ளியில் கொடுக்கும் நகலில் நோய் விவரங்கள் எல்லாம் இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: பல நாடுகளில் பதினெட்டு வயதுக்கு முன்பே, சில இடங்களில் பதினாறிலேயே, தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரும் உரிமை பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அங்கே உறவினரின் கடிதம் பிள்ளையின் சொல்லை மீறிச் செல்லாது.

பள்ளிக்கான பகுதி

பள்ளிக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆயினும் ஒரு கோட்டைத் தெளிவாக இட வேண்டும். அன்றாடச் செயல்கள் ஒரு பக்கம்: அழைத்துச் செல்வது, விடுப்புக் கடிதம் எழுதுவது, மதிப்பெண் அறிக்கையில் கையெழுத்திடுவது, ஆசிரியர் சந்திப்புக்கு வருவது, சுற்றுலாவுக்கு அனுமதிப்பது, தேர்வுக்குப் பதிவு செய்வது. இவற்றைக் கடிதத்தில் வரிசையாகக் குறிப்பிட்டு உறவினரிடம் விட்டுவிடலாம். குழந்தையின் பாதையையே மாற்றும் செயல்கள் மறுபக்கம்: பள்ளியை மாற்றுவது, மாற்றுச் சான்றிதழ் பெறுவது, பயிற்று மொழியையோ பாடப் பிரிவையோ மாற்றுவது. இவற்றைப் பெற்றோரே எழுத்தில் தெரிவிப்பார்கள் என்று எழுதிவிடுவது நல்லது. உறவினருக்கும் பெற்றோருக்கும் மனக்கசப்பு வரும் இடங்களில் இரண்டாவது பக்கமே முதன்மையானது. மாற்றுச் சான்றிதழைக் கேட்டு உறவினர் வந்து நிற்கும்போது, கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருப்பவர் தம் ஊகத்தால் முடிவெடுக்க நேரிடும்.

பள்ளிக் கோப்பில் கடிதம் இருப்பது மட்டும் போதாது. சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் இன்னும் பெற்றோரின் பழைய உள்ளூர் எண்ணே இருக்கும். மாலையில் வாசலில் நிற்பவர் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான், கோப்பை அன்று. எனவே கடிதத்தைக் கொடுக்கும் அதே நாளில் அந்தப் படிவத்தையும் திருத்தச் சொல்ல வேண்டும். உறவினரின் மாதிரிக் கையெழுத்தும், அடையாள அட்டை எண்ணும் கடிதத்திலேயே இருந்தால், விடுப்புக் கடிதத்தில் உள்ள கையெழுத்து அவருடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முத்திரை எதைச் சான்றளிக்கிறது?

கடிதத்தில் பெரிய முத்திரை இருந்தால் எங்கும் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நோட்டரியின் முத்திரை பொதுவாகச் சொல்வது, கையெழுத்திட்டவர் தம் அடையாளத்தைக் காட்டினார், நோட்டரியின் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதையே. கடிதத்தில் அளித்த அதிகாரம் போதுமானது என்றோ, அதை மருத்துவமனை ஏற்றே ஆக வேண்டும் என்றோ அது கூறுவதில்லை. ஓட்டை வாக்கியம் நோட்டரியின் முத்திரை பெற்ற பிறகும் ஓட்டை வாக்கியமே. ஆயினும் முத்திரை தேவைதான்; கையெழுத்து உண்மையானதா என்ற முதல் கேள்வியை அது முடித்துவைக்கிறது.

பெற்றோர் புறப்படுவதற்கு முன்பே, குழந்தை வசிக்கும் நாட்டிலேயே கையெழுத்திட்டால் வேலை மிக எளிது. வெளிநாடு சென்ற பிறகு எழுத நேர்ந்தால் ஒரு படி கூடுகிறது. வேறு நாட்டு நோட்டரியின் முத்திரையை இங்குள்ளவர் எப்படி நம்புவது? அதற்காகவே 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது; அதன்படி தரப்படும் சான்றுக்கு அப்போஸ்டில் என்று பெயர். இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்திருந்து, அது அவ்விரு நாடுகளுக்கிடையே நடைமுறையிலும் இருந்தால், நோட்டரி சான்றளித்த கடிதத்தில் அப்போஸ்டில் பெற்று அனுப்பினால் போதும். அதுவும் முத்திரையும் கையெழுத்தும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. கடிதத்தின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. உடன்படிக்கையில் சேராத நாடு என்றால், தூதரகங்கள் வழியாகச் சான்றொப்பம் பெறும் பழைய முறையே உண்டு. பல குடும்பங்கள் இதைச் சுருக்கித் தம் நாட்டுத் தூதரகத்துக்கே நேரில் சென்று, அங்குள்ள அலுவலர் முன்னிலையில் கையெழுத்திடுகின்றன. கடிதம் வேறு மொழியில் இருந்தால், குழந்தை இருக்கும் இடத்தின் அலுவல் மொழியில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய ஒன்று, எந்த நாட்டின் விதி பொருந்தும் என்பது. பெற்றோர் வேலை செய்யும் நாட்டில் செல்லுபடியாகும் அழகான படிவம் ஒன்றை நிரப்பி அனுப்புகிறார்கள். குழந்தை இருக்கும் இடத்தில் அதை யாரும் அறியார். கடிதம் பயன்படப்போவது குழந்தை வசிக்கும் இடத்தில். ஆகவே அந்த இடத்தின் சட்டமும் படிவமும்தான் வழிகாட்ட வேண்டும். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் இதற்கென்றே அச்சிட்ட படிவம் இருக்கிறது. சில இடங்களில் இத்தகைய அதிகாரம் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ மேல் செல்லாது என்றும் விதி உண்டு.

காலம், ரத்து, எல்லை

தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இல்லாத கடிதத்தைப் படிப்பவர், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தயங்குவார். பெற்றோர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சென்றாலும், கடிதத்தை ஓராண்டுக்கு எழுதி ஆண்டுதோறும் புதுப்பிப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. விடுமுறையில் வரும்போது புதிய கடிதத்தில் கையெழுத்திட்டுவிடலாம். விடுமுறைத் தேதி மாறக்கூடும் என்பதால், முடியும் தேதியை வருகைக்கு ஒரு மாதம் பிந்தியதாக வைத்துக்கொள்வது நல்லது.

ரத்து செய்வதும் எழுத்தில்தான் நடக்க வேண்டும். பெரியம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அது தெரியாது. பழைய கடிதத்தை நம்பி அவர்கள் செய்வதைப் பின்னர் குறை கூறவும் இயலாது. எனவே நகல் எங்கெங்கு கொடுக்கப்பட்டது என்று பெற்றோர் ஒரு குறிப்பு வைத்திருந்து, ரத்துக் கடிதத்தை அத்தனை இடங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

கடிதம் தொட முடியாத இடங்களும் இருக்கின்றன. தத்துக் கொடுப்பது, பெயரை மாற்றுவது, குழந்தையின் பெயரில் உள்ள சொத்தை விற்பது ஆகியவை இதற்குள் வாரா. குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்வதற்கும் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கும் தனிச் சம்மதக் கடிதமே கேட்பார்கள். பெற்றோர் இருவருக்கும் ஏதேனும் நேர்ந்துவிட்டால் இக்கடிதம் தொடர்ந்து செல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஒருவர் சார்பில் செயல்படும் அதிகாரம் அவர் இறப்போடு முடிந்துவிடுவதே பல சட்டங்களின் பொது விதி. அதற்குப் பிறகு குழந்தையை யார் வளர்ப்பது என்பதை உயிலில் எழுதுவார்கள். அது வேறு ஆவணம், வேறு நாளில் எழுத வேண்டியது.

புறப்படுவதற்கு முன் ஒரு நாள்

அந்தக் குடும்பம் இரண்டாவது கடிதத்தைக் கையெழுத்திடும் முன்பு, அதன் வரைவை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கும், குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் சென்றது. இதை வைத்துக்கொண்டு பெரியம்மா வந்தால் நீங்கள் ஏற்பீர்களா, வேறு ஏதேனும் வேண்டுமா என்று நேரடியாகவே கேட்டார்கள். இம்முறை நான் முழுமையாகப் படித்தேன். பெரியம்மாவின் முகவரி அடையாள அட்டையில் பழையதாகவும் கடிதத்தில் புதியதாகவும் இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். மருத்துவர் மயக்க மருந்துக்கான வாக்கியத்தைப் படித்துவிட்டு, ரத்தம் ஏற்றுதல் என்பதையும் சேர்க்கச் சொன்னார். பிறகுதான் நோட்டரியிடம் சென்று நான்கு அசல்களில் கையெழுத்திட்டார்கள்: பள்ளிக்கு ஒன்று, மருத்துவரிடம் ஒன்று, பெரியம்மாவிடம் ஒன்று, தங்களிடம் ஒன்று.

அடுத்த ஆண்டு சிறுமிக்கு இரண்டு நாளாக வயிற்றின் வலப்பக்கம் வலித்து, மருத்துவமனையில் குடல்வால் அழற்சி என்றார்கள். நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிடலாம், அதுவரை முயன்று பாருங்கள் என்று மருத்துவர் கூறினார். பெரியம்மா இரண்டு எண்களிலும் மூன்று முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இருவரும் கிடைக்காத நிலையில், மாலை ஏழே காலுக்கு அந்தத் தாளின் அடியில் கையெழுத்திட்டுக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார். கடிதத்தைப் படித்த மருத்துவர் தேதியையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சம்மதப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். தாய் திரும்ப அழைத்தபோது மணி ஒன்பது. சிறுமி அறுவை முடிந்து கண் விழித்திருந்தாள்.